காணாமல் போன எழுபது சேனல்கள்

செட்டாப் பாக்ஸில் சேனல் ஒன்று வரவில்லை என்றால் கேபிள்காரருக்கு போன் போட்டதும் கிடைக்கும் முதல் யோசனை, “ரீஸ்கேன் போட்டுப் பாருங்க” என்பது. போடுகிறோம். திரையில் பச்சைப் பட்டை நகர்ந்து நூறு சதவீதத்தைத் தொடுகிறது. வராமலிருந்த சேனல் வருவதற்குப் பதில், அதுவரை வந்துகொண்டிருந்த பலவும் சேர்ந்து மறைந்துபோகின்றன. பாக்ஸ் கெட்டுவிட்டது, பணம் கட்டாததால் நிறுத்திவிட்டார்கள், டிவிதான் சரியில்லை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இவை எதுவும் காரணமாக இருக்காது. எந்தெந்தச் சேனல்கள் மறைந்தன என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

அனுமந்தன்பட்டியில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டிய பேரூராட்சி அது. வீடு கற்பனை, அதில் வரும் அளவுகள் நம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு உண்மையானது. தெருமுனைக் கம்பத்திலிருந்து முப்பது மீட்டர் கேபிள் இழுத்திருக்கிறார்கள். ஹாலில் ஒரு டிவி, மாடியில் ஒன்று, பின்கட்டில் பாட்டிக்கு ஒன்று. அதற்காக ஒரு ஸ்பிளிட்டரும், அதன் ஒரு காலில் இன்னொரு ஸ்பிளிட்டரும். மொட்டை மாடியில் வெயிலும் சாரலும் படுகிற இடத்தில் ஓர் இணைப்பு. மாடி டிவி இரண்டாவது ஸ்பிளிட்டருக்குப் பின்னால் இருக்கிறது. ரீஸ்கேனுக்கு முன் அதில் 340 சேனல்கள், பின் 270. போன எழுபதில் ஒரு கார்ட்டூன் சேனல், இரண்டு தெலுங்குச் செய்திச் சேனல்கள், ஒரு பக்திச் சேனல், தமிழ்ப் பாட்டுச் சேனல் ஒன்று என எல்லாம் கலந்திருக்கின்றன. இலவசமும் உண்டு, கட்டணமும் உண்டு. மொழியையோ வகையையோ சந்தாவையோ வைத்து இவற்றை ஒன்றுசேர்க்க முடியாது. இவற்றுக்குள் ஒரே ஒற்றுமைதான்: கேபிளுக்குள் இவை பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் ஏறி வருகின்றன.

பழைய அனலாக் கேபிளில் ஓர் அலைவரிசைக்கு ஒரு சேனல். டிஜிட்டல் கேபிளில் அப்படியில்லை. நம் நாட்டில் புழங்கும் டிவிபி-சி என்ற முறையில், ஏறத்தாழ 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தை 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முழுவதையும் பயன்படுத்தினால் சுமார் நூறு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கேரியர். 64-க்யூஏஎம் என்ற பண்பேற்றத்தில் ஒரு கேரியர் நொடிக்கு சுமார் 38 மெகாபிட் தகவலைச் சுமக்கிறது. சாதாரணத் தரத்தில் ஒரு சேனலுக்கு சுமார் 2 மெகாபிட் போதும் என்றால், ஒரே கேரியரில் பதினெட்டு சேனல்கள் வரை ஏறும். நான்கு கேரியர் போனால் எழுபது சேனல்கள் போகும். எனவே டிஜிட்டல் கேபிளில் சிக்னல் கோளாறு ஒற்றைச் சேனலைத் தொடுவதில்லை. போனால் ஒரு கேரியரில் உள்ளவை எல்லாம் சேர்ந்தே போகும். ஒரே ஒரு சேனல் மட்டும் வரவில்லை, அதே கேரியரில் உள்ள மற்றவை நன்றாக வருகின்றன என்றால், உங்கள் வீட்டு ஒயரைத் தொட வேண்டிய வேலையே இல்லை. அது ஒளிபரப்புக்காரர், கேபிள் நிறுவனத்தின் ஹெட் எண்ட், சந்தா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ந்த விஷயம்.

பார்க்கிறவருக்கு இந்தக் கேரியர் கணக்கு தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. ரிமோட்டில் நாம் அழுத்தும் எண்ணுக்கும் அலைவரிசைக்கும் தொடர்பு கிடையாது. அந்த எண்ணைக் கேபிள் நிறுவனம் தன் விருப்பப்படி சூட்டுகிறது. 2017இல் டிராய் கொண்டுவந்த இணைப்பு விதிகள், ஒரே வகைச் சேனல்களை அடுத்தடுத்து வைக்கவும், ஒரு சேனலுக்குக் கொடுத்த எண்ணை ஓராண்டுக்கு மாற்றாமலிருக்கவும் சொல்கின்றன. எனவே 101, 102, 103 என்று வரிசையாக இருப்பவை மூன்று வெவ்வேறு கேரியர்களிலிருந்து வரலாம். ஒரு சேனலை ஹெட் எண்டில் வேறு கேரியருக்கு மாற்றினாலும் எண் அப்படியே இருக்கும். பார்வையாளருக்கு இது வசதிதான். ஆனால் கோளாறு வரும்போது காரணத்தை மறைத்துவிடுகிறது.

ஒவ்வொரு எண்ணும் எந்தக் கேரியரில் இருக்கிறது என்று பாக்ஸுக்கு எப்படித் தெரியும்? கேபிள் வழியே படத்தோடும் ஒலியோடும் சில அட்டவணைகளும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது என்ஐடி எனப்படும் வலையமைப்பு அட்டவணை. இந்தக் கேபிள் வலையில் என்னென்ன கேரியர்கள் உண்டு, ஒவ்வொன்றும் எந்த அலைவரிசையில், எந்தப் பண்பேற்றத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு கேரியருக்கான விவரம் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று பாருங்கள்:

```
44 0B 03 06 00 00 FF F2 03 00 68 75 0F
```

முதலில் வரும் 44, ‘இது கேபிள் கேரியர் விவரம்’ என்பதற்கான குறி. 0B, பின்னால் பதினோரு பைட்டுகள் வருகின்றன என்கிறது. அடுத்த நான்கு பைட்டுகளை அப்படியே எண்ணாகப் படிக்கலாம்: 0306.0000, அதாவது 306 மெகாஹெர்ட்ஸ். FF F2 பிழைதிருத்த முறையைச் சொல்கிறது. அதற்குப் பின் வரும் 03 என்பது 64-க்யூஏஎம். கடைசி நான்கில் 006.8750 ஒளிந்திருக்கிறது. நொடிக்கு 68 லட்சத்து 75 ஆயிரம் குறியீடுகள் என்று பொருள். பாக்ஸுக்கு ஒரு கேரியரைப் பிடிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த அட்டவணை எல்லாக் கேரியரிலும் வரக்கூடியது என்பதால், பாக்ஸ் ஏதாவது ஒன்றைப் பிடித்தாலே மற்றவற்றின் முகவரி கிடைத்துவிடும். அந்த முதல் கேரியரை ஹோம் ஃப்ரீக்வன்சி, மெயின் ஃப்ரீக்வன்சி என்றெல்லாம் சொல்கிறார்கள். பாக்ஸின் மெனுவில் Network Search என்றிருப்பது இந்த வழி: முதல் கேரியரில் அட்டவணையைப் படித்து, அதில் சொன்ன இடங்களுக்கு மட்டும் போய்வருவது. Full Scan என்றிருப்பது வேறு. அட்டவணையை நம்பாமல் கீழிருந்து மேல் வரை எட்டு எட்டு மெகாஹெர்ட்ஸாகத் தாவிக்கொண்டே போவது. இரண்டாவதில் நேரம் அதிகம் பிடிக்கும். பாக்ஸ் தாவும் கட்டங்களும் நிறுவனம் கேரியர்களை வைத்திருக்கும் இடங்களும் பொருந்தாவிட்டால் கேரியர் கண்ணில் படாமலே போகவும் வாய்ப்புண்டு. அதனால் கேபிள்காரர் ஹோம் ஃப்ரீக்வன்சியாக ஓர் எண் சொன்னால், Full Scan பக்கம் போகாமல் அந்த எண்ணைக் கொடுத்து Network Search போடுவதே நல்லது.

இனி ரீஸ்கேனின்போது உள்ளே நடப்பதற்கு வருவோம். பாக்ஸ் ஒவ்வொரு கேரியருக்கும் போய்ச் சற்று நேரம் நிற்கிறது. சிக்னல் பிடிபட்டதா, அதில் வரும் அட்டவணைகள் முழுசாகக் கிடைத்தனவா என்று பார்க்கிறது. கிடைத்தால் அந்தக் கேரியரில் உள்ள சேனல்களைப் பட்டியலில் எழுதும். கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விடும். இது பள்ளிக்கூடத்து வருகைப்பதிவு போல: பெயர் கூப்பிடும் நேரத்தில் ‘உள்ளேன்’ சொல்லாத பையன் வாசலில் நின்றிருந்தாலும் ஆப்சென்ட்தான். பல பாக்ஸ்களில் இன்னொரு கொடுமை, புதிய பதிவேடு எழுதும்போது பழையதை முழுவதும் அழித்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பிடிபடாத கேரியரின் சேனல்கள் பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். எண்ணை அழுத்தினால்கூடப் போகாது.

நம் மாடி டிவிக்கு நேர்ந்தது இதுதான். அந்த எழுபது சேனல்களும் ரீஸ்கேனுக்கு முன்பே நோஞ்சானாகத்தான் இருந்தன. பட்டியலில் பெயர் இருந்ததால், எண்ணை அழுத்தியதும் பாக்ஸ் அந்தக் கேரியரை விடாமல் முயன்றுகொண்டிருக்கும். சில நொடி கழித்துப் படம் வரும், நடுவில் கட்டம் கட்டமாக உடையும், மறுபடி கூடும். ஸ்கேன் அவ்வளவு பொறுமை காட்டாது. பாதி உயிரோடிருந்த கேரியர்களை இல்லாதவை என்று எழுதிவிட்டது. ஆக, ரீஸ்கேன் எதையும் கெடுக்கவில்லை. முன்பே கெட்டிருந்ததை வெளிக்காட்டியது, கூடவே திரும்பிப்போகும் வழியையும் அடைத்துவிட்டது.

போன நான்கு கேரியர்களும் 698, 706, 714, 722 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இந்த வீட்டில் இவைதான் மேல்கோடியில் இருப்பவை. மேல்கோடிதான் முதலில் விழும் என்பதற்குக் கேபிளின் இயற்பியலே காரணம். செப்புக் கம்பியில் அலைவரிசை ஏற ஏற, மின்னோட்டம் கம்பியின் மேல்தோலுக்கு ஒதுங்கிவிடுகிறது. ஓடும் இடம் குறைவதால் இழப்பு கூடுகிறது. அலைவரிசை நான்கு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வீடுகளுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிள் நூறு மீட்டருக்கு 306 மெகாஹெர்ட்ஸில் சுமார் 12 டெசிபெல்லும், 722இல் சுமார் 18.5 டெசிபெல்லும் தின்றுவிடும்.

கணக்குப் போடலாம். கம்பத்தில் 62 டெசிபெல் மைக்ரோவோல்ட் இருக்கிறது என்போம். 306 மெகாஹெர்ட்ஸில் முப்பது மீட்டர் கேபிளுக்கு 3.6 போகும், இரண்டு ஸ்பிளிட்டருக்கும் சேர்த்து 8, மாடி இணைப்பில் அரை. மாடி டிவிக்கு ஏறக்குறைய 50 வந்து சேரும். 722இல் கேபிளுக்கு 5.5, ஸ்பிளிட்டர்களுக்கு 9, துருப்பிடித்த இணைப்புக்கு 3. மிஞ்சுவது 44.5. 64-க்யூஏஎம் கேரியர் நிம்மதியாக ஓட பாக்ஸின் வாசலில் 47 டெசிபெல் மைக்ரோவோல்ட்டாவது வேண்டும் என்பது பொதுவாக வைத்திருக்கும் அளவு. ஆக 306இல் உள்ளவை கண்ணாடி மாதிரி வரும், 722இல் உள்ளவை வராது. அனலாக் காலத்தில் இந்த 44.5, லேசாகப் புள்ளி விழுந்த படமாக வந்திருக்கும். நாமும் அதைச் சகித்துக்கொண்டு பார்த்திருப்போம். டிஜிட்டலில் ஒரு வரம்பு வரை படத்தில் குறையே தெரியாது. அதைத் தாண்டினால் இரண்டு மூன்று டெசிபெல்லுக்குள் படமே இருக்காது.

சரிசெய்வதும் இந்தக் கணக்கின் வழியேதான். கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டால் 3 டெசிபெல் திரும்பி 47.5 ஆகும். அது விளிம்பு. மழை நாளில் மறுபடி கீழே இறங்கிவிடும். யாரும் பார்க்காத ஒரு டிவிக்காக வைத்த ஸ்பிளிட்டரைக் கழற்றினால் இன்னொரு 4.5 கிடைத்து 52 ஆகிவிடும். அதன் பிறகு போடும் ரீஸ்கேனில் எழுபதும் திரும்பும். இந்த இடத்தில் பலர் செய்கிற தவறு, கடையில் பூஸ்டர் வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டுவது. அந்த இடத்துக்கு வருவதற்குள் சிக்னலில் இரைச்சல் கலந்துவிட்டது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்துத்தான் பெருக்கும். மெனுவில் Strength கூடியிருக்கும், Quality அப்படியே கிடக்கும். படத்தைத் தீர்மானிப்பது Quality.

மேல்கோடிச் சேனல்கள் போவது ஒரு வகை. கீழ்க்கோடி மட்டும் போவதும் உண்டு, அது கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். கனெக்டரின் நடுக்கம்பி உடைந்தோ பொருந்தாமலோ இருந்தால், இரண்டு முனைகளுக்கும் இடையில் நூலளவு இடைவெளி விழும். அந்த இடைவெளி சிறு மின்தேக்கியாக வேலை செய்யும். உயர் அலைவரிசைகள் அதைத் தாண்டிவிடும், தாழ்ந்தவை நின்றுவிடும். அதனால் கீழ்க்கோடிச் சேனல்கள் மட்டும் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது பாக்ஸின் பின்னால் உள்ள பின்னை. கழற்றிப் பார்த்தால் நடுக்கம்பி குட்டையாக வெட்டப்பட்டிருக்கும், இல்லையென்றால் வளைந்து ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

நடுவில் ஏதோ ஒரு கேரியர் மட்டும் போய், அதன் இருபுறமும் நன்றாக இருந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே நுழைகிறது என்று பொருள். கேபிளைச் சுற்றியுள்ள வலைக்கம்பி வெளி அலைகளைத் தடுக்கத்தான் இருக்கிறது. அது பிய்ந்த இடத்தில் கேபிள் ஆன்டெனாவாகிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு கேட்கும் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. கேபிளின் அலைவரிசை வரம்புக்கு உள்ளேதான் அந்த எண் இருக்கிறது. கைப்பேசிகளும் அப்படியே. 850 பேண்டில் கைப்பேசி கோபுரத்துக்கு அனுப்புவது 824 முதல் 849 மெகாஹெர்ட்ஸில். வலைக்கம்பி பிய்ந்த கேபிளுக்குப் பக்கத்தில் போன் வைத்துப் பேசும்போது மட்டும் படம் உடைகிறது என்று யாராவது சொன்னால் நம்புங்கள், அது நடக்கக்கூடியதே.

இதுவரை சொன்னது எல்லாம் வாசலுக்கு வெளியே. பாக்ஸுக்குள்ளும் பட்டியல் பறிபோகலாம். சேனல் பட்டியல் பாக்ஸின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. ஒரு சேனலுக்குப் பெயர், எண், கேரியர், சேவை அடையாளம் என்று சில பத்து பைட்டுகள். ஐந்நூறு சேனலானாலும் சில பத்து கிலோபைட்டுகளைத் தாண்டாது, கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்தைவிடச் சிறியது. இடம் ஒரு சிக்கலே இல்லை. எழுதும் விதத்தில்தான் சிக்கல். ஃபிளாஷில் ஒரு வரியை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் கரண்ட் போனால் பழைய பட்டியலும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது. நல்ல மென்பொருள் உள்ள பாக்ஸ் இரண்டு பிரதி வைத்து, ஒன்று சரியாக எழுதப்பட்ட பிறகே மற்றதைத் தொடும். மலிவான பாக்ஸிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்கேன் முடிந்து ‘சேவ்’ ஆகும்வரை சுவிட்சை அணைக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே. விருப்பப் பட்டியலும் குழந்தைகளுக்காகப் போட்ட பூட்டும் பெரும்பாலும் இந்தப் பட்டியலோடு கட்டுண்டவை. ரீஸ்கேனில் அவையும் போய்விடலாம்.

சில பாக்ஸ்களின் ஸ்கேன் மெனுவில் FTA Only என்றொரு தேர்வு இருக்கும். அது ஆனில் இருந்தால் கட்டணச் சேனல்களைப் பாக்ஸ் பார்த்தும் பட்டியலில் சேர்க்காது. போனவை அத்தனையும் கட்டணச் சேனல்களாகவே இருந்தால் ஒயரை விட்டுவிட்டு இந்த மெனுவைப் பாருங்கள்.

பட்டியலும் அனுமதியும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேனல் எண் பட்டியலில் இருக்கிறது, பெயர் வருகிறது, ஆனால் திரையில் Scrambled என்றோ சந்தா இல்லை என்றோ எழுதிவருகிறது என்றால் ஸ்கேன் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பூட்டைத் திறக்கும் அனுமதி ஹெட் எண்டிலிருந்து தனியாக அந்தப் பாக்ஸின் பெயருக்கு வர வேண்டும். எத்தனை முறை ஸ்கேன் போட்டாலும் அது வராது. பாக்ஸைக் கேபிளோடு ஆனில் விட்டுவிட்டு, கேபிள்காரரை அனுமதியை மறுபடி அனுப்பச் சொல்வதே வழி. 2017 முதல் வீடுவீடாகப் பாக்ஸ் கொடுத்த தமிழ்நாடு அரசு கேபிள் டிவியின் சேவை, 2022 நவம்பரில் மாநிலத்தின் பல மாவட்டங்களில் நின்றுபோனது நினைவிருக்கும். அது மென்பொருள் தரப்பில் வந்த தடை. வீட்டிலிருந்தபடி ரீஸ்கேன் போட்டு எவராலும் அதைச் சரிசெய்திருக்க முடியாது.

எனவே அடுத்த முறை யாராவது ரீஸ்கேன் போடச் சொன்னால், அதற்கு முன் வராத சேனல் ஒவ்வொன்றிலும் நின்று ரிமோட்டில் Info பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல பாக்ஸ்களில் அலைவரிசையும் Quality அளவும் அங்கேயே தெரியும், சிலவற்றில் மெனுவின் சிக்னல் பக்கத்தில் இருக்கும். நான்கைந்து சேனலுக்கு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். ஏற்கெனவே ரீஸ்கேன் போட்டுவிட்டீர்கள் என்றால் பக்கத்து வீட்டுப் பாக்ஸில் அதே சேனல்களின் அலைவரிசை எண்ணைப் பார்க்கலாம், கேபிள் அவர்களுக்கும் அதே ஹெட் எண்டிலிருந்து வந்தால் அலைவரிசையும் அதுவே. பிறகு கேபிள்காரரிடம் “சேனல் வரலை” என்று சொல்லாமல், “698லயிருந்து மேல எதுவும் பிடிக்கலை, கீழ எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லுங்கள். அவர் மீட்டரோடு நேரே மொட்டை மாடிக்கு ஏறுவார்.